கிணற்றுக் கட்டின் உருண்ட வளையத்துக்குக் கனவளவு காண்பது

கேள்வி: வட்டக்கச்சியில் எங்கள் தோட்டக் கிணற்றுக் கட்டின் மேல் அரைவட்டமாக உருண்ட வளையம் ஒன்றைக் கொங்கிரீட்டில் போடப் போகிறோம். கிணற்றின் உள்விட்டம் 5 மீற்றர், கட்டின் அகலம் 30 சென்ரிமீற்றர். குறுக்குவெட்டுப் பரப்பை நடுச்சுற்றின் நீளத்தால் பெருக்கினால் போதும் என்கிறார் மேசன். உள்விளிம்பில் சுற்று குறைவு, வெளிவிளிம்பில் கூட. அப்படியிருக்க நடு நீளம் எப்படிச் சரியாகும்? இது அண்ணளவா, உண்மையான கணக்கா? தண்ணீர் வெளியே வழிய மேற்பக்கத்தைச் சரிவாகப் போட்டால் எந்த நடுவை எடுப்பது?

இது அண்ணளவு அன்று. உங்கள் மேசன் சொன்ன முறை அரைவட்ட வளையத்துக்கு ஒரு துளியும் பிசகாத விடையைத் தருகிறது. ஆனால் அது பிசகாமல் வருவதற்குக் காரணம், அந்த அரைவட்டம் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே வடிவாக இருப்பதுதான். மேற்பக்கத்தைச் சரித்தவுடன் அந்தச் சமம் குலைகிறது. அப்போது கட்டின் அகலத்தில் நடுவாகத் தெரியும் இடம் வேறு, கணக்குக்கு வேண்டிய நடு வேறு. கட்டட வேலைகளுக்குக் கனவளவு எடுத்துக் கொடுப்பது பல வருடங்களாக என் தொழில் என்பதாலும், வன்னியில் தோட்டக் கிணற்றுக் கட்டுகள் எனக்குப் பழகிய வேலை என்பதாலும், இரண்டையும் உங்கள் அளவுகளை வைத்தே சொல்கிறேன்.

முதலில், அரைவட்டத்தை விட்டுவிட்டு, உழுந்து வடையைப் போல முழுதாக உருண்ட ஒரு வளையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குவெட்டு 15 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டம்; அந்த வட்டத்தின் மையம் கிணற்றின் மையத்திலிருந்து 2.65 மீற்றர் தூரத்தில் சுற்றி வருகிறது. இந்த வளையத்தைத் தரைக்குச் சமாந்தரமாக மெல்லிய தகடுகளாக வெட்டினால், ஒவ்வொரு தகடும் நடுவில் ஓட்டையுள்ள ஒரு தட்டையான வட்ட வளையமாக வரும். சரிபாதி உயரத்தில் வெட்டிய தகட்டின் உள்ளாரை 2.50 மீற்றர், வெளியாரை 2.80 மீற்றர். அதன் பரப்பு பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்தைக் கழித்தது, அதாவது π(2.80² − 2.50²) = π(7.84 − 6.25) = 1.59π. இப்போது மேசனின் முறைப்படி, நடுச்சுற்றின் நீளமாகிய 2π × 2.65 ஐத் தகட்டின் அகலமாகிய 0.30 ஆல் பெருக்கிப் பாருங்கள். 5.30π × 0.30 = 1.59π. இரண்டும் ஒன்றே.

நடுத் தகட்டுக்கு மட்டும் இப்படி அமைந்துவிட்டதோ என்ற சந்தேகம் வரலாம். பாதி உயரத்திலிருந்து 12 சென்ரிமீற்றர் மேலே இன்னொரு தகட்டை வெட்டுங்கள். அங்கே வட்டம் ஒடுங்கிவிட்டது. பைதகரசின் தேற்றப்படி நடுவிலிருந்து இரு பக்கமும் 9 சென்ரிமீற்றர்தான் இருக்கும். எனவே உள்ளாரை 2.56, வெளியாரை 2.74. கழித்தால் 7.5076 − 6.5536 = 0.954, அதாவது 0.954π. நடுச்சுற்றால் பெருக்கினால் 5.30π × 0.18, அதுவும் 0.954π. எந்த உயரத்தில் வெட்டினாலும் இப்படியே வரும்.

காரணம், நாம் சாதாரணதரத்தில் படித்த வர்க்க வித்தியாசம்தான். வெளியாரை b, உள்ளாரை a என்றால் π(b² − a²) = π(b + a)(b − a). இதில் b − a என்பது தகட்டின் அகலம். b + a என்பது நடு ஆரையின் இரண்டு மடங்கு. ஆகவே π(b + a) என்பது நடுச்சுற்றின் நீளமேதான். நீங்கள் கேட்ட ஐயத்துக்கான விடையும் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. நடுவிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் வெளியே போனால் சுற்று 2π சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ 6.3 சென்ரிமீற்றர் கூடுகிறது; ஒரு சென்ரிமீற்றர் உள்ளே வந்தால் அதே 6.3 சென்ரிமீற்றர் குறைகிறது. ஆரை மாறுவதற்கு நேர்விகிதமாகவே சுற்றும் மாறுவதால், வெளிப்பாதியில் மிஞ்சுவது உட்பாதியில் குறைவதை மீதமின்றி நிரப்பிவிடுகிறது.

எல்லாத் தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், நடு ஆரை R என்றால், ஒவ்வொன்றிலும் 2πR என்ற அதே பெருக்கம் இருப்பதால் அது வெளியே வந்துவிடும். மிஞ்சுவது தகடுகளின் அகலங்களைத் தடிப்பால் பெருக்கிக் கூட்டிய தொகை. அது குறுக்குவெட்டின் பரப்பு. குறுக்குவெட்டு வட்டத்தின் ஆரை r என்றால், முழு உருண்ட வளையத்துக்கு அது πr², ஆகவே கனவளவு 2π²r²R. உங்கள் கட்டுக்கு மேற்பாதித் தகடுகளை மட்டும் கூட்ட வேண்டும். அப்போது பரப்பு அரைவட்டத்தின் பரப்பாகிய 0.0353 சதுரமீற்றர், நடுச்சுற்று 16.65 மீற்றர், கனவளவு 0.588 கனமீற்றர். அரைவட்டத்தின் பரப்பு மையம், அதாவது அந்த வடிவத்தைத் தாங்கினால் சாயாமல் நிற்கும் புள்ளி, எந்த உயரத்தில் இருக்கிறது என்ற கேள்வி இங்கே எழவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கிணற்றின் மைய அச்சிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டுமே சுற்றின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

இதே ஐயத்தை வேறொரு வழியால் தீர்த்தவர் கெப்ளர். கிரகங்களின் பாதைகளைக் கண்ட அவரேதான். வைன் பீப்பாய்களின் கொள்ளளவை அளக்கும் முறையில் ஐயம் கொண்டு, 1615இல் அதைப் பற்றி ஒரு நூலையே வெளியிட்டார். அவர் வளையத்தைத் தகடுகளாக வெட்டவில்லை. அச்சின் வழியாகச் செல்லும் நிலைக்குத்தான வெட்டுகளால், மெல்லிய ஆப்புத் துண்டுகளாக நறுக்கினார். ஒவ்வொரு துண்டும் வெளிப்பக்கம் தடிப்பாகவும் உட்பக்கம் மெல்லியதாகவும் இருக்கும், ஆனால் அதன் நடுத் தடிப்பே சராசரித் தடிப்பு. எனவே எல்லாத் துண்டுகளையும் சேர்த்தால் நடுச்சுற்றின் நீளமுள்ள ஓர் உருளைக்குச் சமம் என்றார். வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் இது நன்றாகப் பொருந்தும். சமச்சீரற்ற வடிவத்துக்கு இந்த நியாயம் அப்படியே பொருந்தாது. அங்கேதான் அலெக்சாந்திரியாவின் பப்பஸ் 4ஆம் நூற்றாண்டில் சொல்லி, 17ஆம் நூற்றாண்டில் குல்டின் மீண்டும் எழுதிய பொதுவிதி வேண்டியிருக்கிறது. அந்த விதி, குறுக்குவெட்டுப் பரப்பை அதன் பரப்பு மையம் செல்லும் பாதையின் நீளத்தால் பெருக்கச் சொல்கிறது.

இனிச் சரிவான கட்டுக்கு வருவோம். அகலம் அதே 30 சென்ரிமீற்றர்; உள்விளிம்பில் உயரம் 16 சென்ரிமீற்றர், வெளிவிளிம்பில் 10 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து 10 சென்ரிமீற்றர் உயரம் வரை தகடுகள் முழு அகலத்துக்கும் இருக்கும். அவற்றின் நடு 2.65 மீற்றரில்தான். அதற்கு மேலே போகப் போகத் தகட்டின் வெளிவிளிம்பு உள்ளே நகர்கிறது, உள்விளிம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. எனவே ஒவ்வொரு தகட்டின் நடுவும் கீழேயுள்ளதைவிடக் கிணற்றுக்குக் கிட்டவாக வருகிறது. வர்க்க வித்தியாசம் ஒவ்வொரு தகட்டுக்கும் இன்னும் உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுச்சுற்று வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சுற்று வேண்டுமென்றால், அகன்ற தகட்டுக்குக் கூடிய நிறையும் ஒடுங்கிய தகட்டுக்குக் குறைந்த நிறையும் கொடுத்து அந்த நடுக்களின் சராசரியை எடுக்க வேண்டும். பரப்பு மையம் எனப்படுவது அந்தச் சராசரியே.

கணக்காகச் செய்தால் இது அவ்வளவு கடினமில்லை. குறுக்குவெட்டை ஒரு செவ்வகமாகவும் அதன் மேல் அமர்ந்த ஒரு செங்கோண முக்கோணியாகவும் பிரியுங்கள். செவ்வகம் 30 × 10, பரப்பு 300 சதுர சென்ரிமீற்றர். அதன் மையம் உள்விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றரில். முக்கோணி அடி 30, உயரம் 6, பரப்பு 90. உயரமான பக்கம் உள்விளிம்பில் இருப்பதால் அதன் மையம் அங்கிருந்து அகலத்தின் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 10 சென்ரிமீற்றரில். இரண்டையும் சேர்த்தால் (300 × 15 + 90 × 10) ÷ 390 = 13.85 சென்ரிமீற்றர். ஆகவே பரப்பு மையத்தின் ஆரை 2.6385 மீற்றர், பாதையின் நீளம் 16.578 மீற்றர், பரப்பு 0.039 சதுரமீற்றர், கனவளவு 0.6465 கனமீற்றர்.

இதை நம்ப வேண்டாம், வேறு வழியாலும் சரிபாருங்கள். செவ்வகப் பகுதி இரண்டு உருளைகளின் வித்தியாசம்: π(2.80² − 2.50²) × 0.10 = 0.4995. மேலே உள்ள சரிவுப் பகுதி, கீழாரை 2.80, மேலாரை 2.50, உயரம் 0.06 உள்ள கூம்பின் அடித்துண்டிலிருந்து 2.50 ஆரையுள்ள உருளையைக் கழித்தது. அடித்துண்டின் கனவளவு 1.3251, உருளை 1.1781, வித்தியாசம் 0.1470. இரண்டையும் கூட்டினால் 0.6465. பரப்பு மையம் என்ற எண்ணமே இல்லாமல் போன வழியும் அதே இடத்தில் வந்து சேர்கிறது. யாராவது உங்களுக்கு ஒரு வளையக் கணக்கைத் தந்தால், அதைச் சோதிக்க நான் விரும்பும் முறை இதுதான்.

இப்போது நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சரிவான கட்டுக்கும் மேசன் பழைய நடுச்சுற்றையே எடுத்துப் பெருக்கியிருந்தால் அவருக்கு 0.6494 கனமீற்றர் கிடைத்திருக்கும். வித்தியாசம் மூன்று லீற்றர் அளவே. கொங்கிரீட் குழைக்கும்போது தட்டில் ஒட்டிக்கொள்வது அதைவிடக் கூட இருக்கும். ஏன் இவ்வளவு சிறிது என்றால், மையத்தை எடுப்பதில் வரும் பிழை, ஆரையோடு ஒப்பிடும் விகிதத்தில்தான் கனவளவிலும் வருகிறது. 1.15 சென்ரிமீற்றர் பிழை, 264 சென்ரிமீற்றர் ஆரையில் அரை வீதத்துக்கும் குறைவு. ஆனால் அதே குறுக்குவெட்டை 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு தூணைச் சுற்றிப் போட்டால், பரப்பு மையத்தின் ஆரை 33.85 சென்ரிமீற்றர் மட்டும், அதே 1.15 சென்ரிமீற்றர் அங்கே மூன்றரை வீதம் பிசகச் செய்யும். அகன்ற கிணற்றில் நடு எது என்று பெரிதாகத் தலையை உடைக்க வேண்டாம். ஒடுங்கிய சுற்றில் தடித்த வளையம் போடும்போது கவனமாக இருங்கள்.

அகன்ற கிணற்றிலும் உண்மையில் நேரும் பிழை வேறு. அளவுநாடாவை உள்விளிம்பில் சுற்றிப் பிடித்து, அந்த நீளத்தாலேயே பெருக்கிவிடுவார்கள். கை எட்டுவது அங்கேதான். உள்விளிம்பின் சுற்று 15.71 மீற்றர், அதை எடுத்தால் 0.613 வரும், ஐந்து வீதம் குறைவு. வெளிவிளிம்பை எடுத்தால் 17.59 மீற்றர், 0.686 வரும், ஆறு வீதம் கூட. இரண்டையும் அளந்து சராசரி எடுத்தால் அகலத்தின் நடுச்சுற்று கிடைத்துவிடும். வந்த விடையை வைத்தே பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியும்: எதிர்பார்த்ததைவிட ஐந்தாறு வீதம் விலகினால் நாடா விளிம்பில் பிடிக்கப்பட்டிருக்கிறது, ஒரே மடங்காக இரண்டு அல்லது நான்கு மடங்கு விலகினால், ஆரைக்குப் பதிலாக விட்டம் எங்கேயோ நுழைந்துவிட்டது.

சரிவும் வளைவும் கலந்த, கணக்கில் பிடிபடாத அச்சு ஒன்றைப் போடுவதென்றால், குறுக்குவெட்டை முழு அளவில் தடித்த மட்டையில் வெட்டியெடுங்கள். ஓரத்தில் ஒரு துளையிட்டு ஆணியில் தொங்கவிட்டு, அதே ஆணியிலிருந்து பாரம் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, நூல் விழும் கோட்டை வரையுங்கள். வேறொரு துளையிலும் அப்படியே செய்தால் இரு கோடுகளும் வெட்டும் புள்ளி பரப்பு மையம். மட்டை ஒரே தடிப்பாக இருக்க வேண்டும், ஈரம் பட்டிருக்கக் கூடாது. அரைவட்டத்தைப் பக்கவாட்டாகத் திருப்பி, தட்டையான முகம் கிணற்றுப் பக்கமும் உருண்ட முகம் வெளிப்பக்கமுமாகப் போட்டால், மையம் தட்டை முகத்திலிருந்து 4r/(3π) தூரத்தில் இருக்கும். 15 சென்ரிமீற்றர் ஆரைக்கு 6.4 சென்ரிமீற்றர். இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அரைவட்டத்தை அதன் விட்டத்தின் மேலேயே சுழற்றினால் கோளம் கிடைக்கும். கோளத்தின் கனவளவு நமக்குத் தெரியும். அதை அரைவட்டப் பரப்பால் வகுத்தால் மையம் சென்ற பாதையும், அதிலிருந்து மையத்தின் தூரமும் வந்துவிடும். இங்கே சுழலும் அச்சு வடிவத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அது பரவாயில்லை. அச்சு வடிவத்தை ஊடறுத்துச் சென்றால் மட்டும் விதி உடைந்துவிடும், ஏனென்றால் ஒரே இடத்தை இரண்டு பக்கமும் கடந்து செல்லும்.

மேற்பூச்சுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். பூசும் பரப்புக்கு, குறுக்குவெட்டில் பூசப்படும் கோட்டின் நீளத்தை, அந்தக் கோட்டின் மையம் செல்லும் பாதையால் பெருக்க வேண்டும். கோட்டின் மையமும் பரப்பின் மையமும் பொதுவாக ஒரே புள்ளி அல்ல. உங்கள் அரைவட்டத்தில் இரண்டும் ஒரே 2.65 மீற்றர் ஆரையில் விழுவதால் 0.471 × 16.65, அதாவது ஏறத்தாழ 7.85 சதுரமீற்றர் என்று எடுக்கலாம். சரிவான கட்டில் தனியாகப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னவை வடிவக் கணக்கு என்பதால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. எத்தனை பை சீமெந்து என்பது அப்படி உறுதியானதல்ல. இறுகிய கொங்கிரீட் ஒரு கனமீற்றருக்கு, கலக்காத பொருள்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடத் தேவை என்று தொழிலில் வைத்துக்கொள்வார்கள், 1.54 என்ற எண்ணைப் பலர் பாவிக்கிறார்கள். அது அனுபவ எண். மணலின் ஈரமும் சல்லியின் அளவும் அதை மாற்றும். 1:2:4 கலவைக்கு, 50 கிலோ பை ஒன்றை 0.035 கனமீற்றர் என்று எடுத்தால், உங்கள் அரைவட்ட வளையத்துக்கு நான்கு பைக்குச் சற்றுக் குறைவாகவும், சரிவான கட்டுக்கு நான்குக்குச் சற்றுக் கூடுதலாகவும் வரும். முதலாவதற்கு நான்கும் இரண்டாவதற்கு ஐந்தும் வாங்கி வைத்தால் நடுவில் நிற்க நேராது. கம்பியின் அளவும் இடைவெளியும் வேறு கணக்கு. அதற்குக் கட்டைப் பார்த்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, உங்கள் கிணறு உண்மையில் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். கை வெட்டாக இறக்கிய பழைய கிணறுகளும், ஒரு பக்கம் இடிந்து திரும்பக் கட்டியவையும் பெரும்பாலும் சற்று நீண்டிருக்கும். அங்கே ஒரு விட்டத்தை அளந்து π ஆல் பெருக்குவது ஆபத்து. நல்ல வேளையாக, குறுக்குவெட்டு சுற்றிலும் ஒரே வடிவாக, பாதைக்குச் செங்குத்தாக இருக்கும்வரை, பாதை வட்டமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னும் வசதியான ஒன்று உண்டு: எங்கேயும் உள்நோக்கி மடியாத, மூலையில்லாத எந்தச் சுற்றுக்கும், உள்விளிம்பிலிருந்து d தூரம் வெளியே செல்லும் பாதை உள்விளிம்பைவிடச் சரியாக 2πd நீளம் கூடியது. ஆகவே மையத்தைத் தேடிக் கட்டின் நடுவே நாடா பிடிக்க வேண்டியதில்லை. கை எட்டும் உள்விளிம்பைச் சுற்றி அளந்து, அரைவட்ட வளையத்துக்கு 0.942 மீற்றரையும், சரிவான கட்டுக்கு 2π × 0.1385 ஆகிய 0.870 மீற்றரையும் கூட்டுங்கள். உங்கள் 15.708 உடன் 0.870 ஐக் கூட்டினால் முன்பு வந்த 16.578 வருவதைப் பார்ப்பீர்கள். சதுரக் கிணறாக, மூலைகள் கூராக இருந்தால் மட்டும் 2πd க்குப் பதிலாக 8d ஐக் கூட்ட வேண்டும்.